கப்பலில் குமட்டல்: எந்த அறிகுறி வந்தால் என்ன செய்வது

என் அத்தை முதன்முறை கப்பலில் போனபோது நானும் உடன் இருந்தேன். 3 மணி நேரப் பயணம். துறையை விட்டுக் கிளம்பி 20 நிமிடம் ஆனபோது அவர் ஒரு கொட்டாவி விட்டார். அடுத்த 5 நிமிடத்தில் இன்னும் இரண்டு. "ராத்திரி சரியாத் தூங்கல, அதான்" என்றார். நானும் அப்படியே நம்பினேன். 55-ஆவது நிமிடத்தில் அவர் கீழ்த்தளக் கழிவறையில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மீதி 2 மணி நேரத்தை அவர் எப்படிக் கழித்தார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கொட்டாவிதான் கடல் குமட்டலின் முதல் அறிகுறி. கொட்டாவிக்கும் வாந்திக்கும் நடுவே அவருக்கு 35 நிமிடம் இருந்தது. எதைச் செய்திருந்தாலும் பலன் கிடைத்திருக்கக்கூடிய நேரம் அது. கடல் குமட்டல் படிப்படியாக ஏறும். கீழ்ப்படியில் சுலபமாக வேலை செய்யும் வழி மேல்படியில் வேலை செய்யாது. அதனால் இதை அறிகுறி வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். இப்போது கப்பலில் இருந்தபடி படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு உடனே திரையை மூடிவிடுங்கள். படிப்பதே குமட்டலைக் கூட்டும்.

முதலில், இது ஏன் வருகிறது

உள்காதில் இரண்டு வகை உணரிகள் இருக்கின்றன. மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைக் கவனிக்கின்றன. அவற்றுக்குக் கீழே உள்ள இரண்டு சிறு பைகளில், நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒரு கூழ்ப்படலத்தின் மேல் பதிந்திருக்கின்றன. உடல் மேலே எழும்பினாலோ கீழே இறங்கினாலோ அந்தத் துகள்கள் சற்றுப் பின்தங்கி இழுபடும்; அதிலிருந்து மூளை அசைவை அறிந்துகொள்ளும். கப்பலின் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது உங்கள் காது "மேலே போகிறோம், கீழே வருகிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண்ணோ எதிர் இருக்கையையும் சுவரையும் பார்த்து "எதுவும் அசையவில்லை" என்கிறது. சுவரும் உங்களோடு சேர்ந்தே ஆடுவதால் கண்ணுக்கு அந்த ஆட்டம் தெரிவதில்லை. இந்த இரண்டு செய்திகளும் பொருந்தாமல் போவதுதான் குமட்டலின் வேர்.

இதை மனப்பயம் என்று சொல்பவர்கள் உண்டு. பயம் குமட்டலைக் கூட்டும் என்பது சரி. ஆனால் காரணம் காதில்தான் இருக்கிறது. உள்காதின் சமநிலை உறுப்பு இரு பக்கமும் முழுதாகச் செயலிழந்தவர்களுக்குக் கடல் குமட்டல் வருவதில்லை. நாய்க்கு வருகிறது. பெரிய கடற்படைத் தளபதியான நெல்சனுக்குக் காற்று பலமாக அடித்தபோதெல்லாம் வந்தது. ஆகவே வெட்கப்பட ஒன்றும் இல்லை. குமட்டல் வருகிறவரைப் பார்த்து "தைரியமா இரு" என்று சொல்வதிலும் பயன் இல்லை.

எல்லா ஆட்டமும் ஒரேமாதிரி குமட்டாது. மேடுபள்ளச் சாலையில் வண்டி தடதடவென்று அதிர்ந்தால் எரிச்சல்தான் வரும். ஒரு முறை எழும்பி இறங்க ஏறக்குறைய 5 நொடி எடுக்கும் மெதுவான ஆட்டம்தான் மனிதரை மிக மோசமாகக் குமட்டச் செய்கிறது. 1970-களில் ஆட்களை மேலும் கீழும் நகரும் அறையில் உட்காரவைத்துச் செய்த சோதனைகளிலும், பின்னர் கப்பல் பயணிகளிடமே எடுத்த கணக்குகளிலும் இதுவே தெரிந்தது. இன்னொன்று: மேலும் கீழுமான அசைவும், அதில் நீங்கள் கழிக்கும் நேரமும் சேர்ந்துதான் வாந்தியைத் தீர்மானிக்கின்றன. இடமும் வலமுமான உருளல் பார்க்கப் பயமாக இருந்தாலும் குமட்டலில் அதன் பங்கு குறைவு. கப்பலின் இருபுறமும் நீருக்குள் நீட்டியிருக்கும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் குறைப்பது அந்த உருளலைத்தான். "இது ஆடாத கப்பல்" என்று யாராவது சொன்னாலும் மேல்-கீழ் அசைவு அதில் இருக்கவே செய்யும்.

இன்னும் கப்பல் ஏறவில்லை, ஆனால் பயமாக இருக்கிறது

செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. இருக்கையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அத்தைக்கு நான் செய்த பெரிய தவறு அதில்தான். கடல் அழகாகத் தெரியும் என்று மேல்தளத்தில், முன்பக்கப் பெரிய கண்ணாடிக்கு எதிரே இடம் பிடித்துக் கொடுத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 மீட்டர் நீளமுள்ள கப்பல் அலையில் ஏறும்போது மூக்கு 2 பாகை மேலே தூக்கி, பிறகு 2 பாகை கீழே குத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய ஆட்டமே இல்லை. நடுவிலிருந்து 60 மீட்டர் தள்ளி, முன்முனையில் இருப்பவர் ஏறக்குறைய 2 மீட்டர் மேலேயும் 2 மீட்டர் கீழேயும், மொத்தம் 4 மீட்டருக்கு மேல் போய் வருவார். நடுவிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு அதே ஆட்டத்தில் மொத்தமே 70 சென்டிமீட்டர்தான். கப்பல் முழுவதும் சேர்ந்து எழும்பி இறங்குவது எல்லோருக்கும் பொது. ஆனால் இந்தக் கூடுதல் 4 மீட்டரை நீங்களாகத் தேர்ந்தெடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆகவே நீளத்தில் நடுப்பகுதி, அல்லது நடுவிலிருந்து சற்றே பின்தள்ளி. உயரத்தில், வெளியே பார்க்க முடிகிற தளங்களில் தாழ்ந்தது; மேலே போகப்போகப் பக்கவாட்டு வீச்சு கூடும். சன்னலோரம் உட்கார்ந்து கப்பல் போகும் திசையைப் பார்த்திருங்கள். முன்கூட்டி இருக்கை எண் தராத கப்பல் என்றால் வரிசையில் முதலில் நின்று இந்த இடத்தைப் பிடிப்பது பயனுள்ள காரியம். இயந்திர எண்ணெய் வாடை, சமையல் வாடை வரும் இடங்களுக்குப் பக்கம் வேண்டாம். வாடை மட்டும் தனியாகக் குமட்டலைக் கொண்டுவராது. ஆனால் ஏற்கெனவே தொடங்கியதை வேகமாகத் தள்ளிவிடும்.

அடுத்தது சாப்பாடு. வாந்தி வந்துவிடும் என்று அத்தை காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. இதைப் பலரும் செய்கிறார்கள். வெறும் வயிறு குமட்டலைத் தடுப்பதில்லை. வாந்தி வரும்போது வெளியேற எதுவும் இல்லாமல் வயிறு இழுத்துப் பிடிக்கும், அது இன்னும் வலிக்கும். கிளம்ப ஒன்றரை, 2 மணி நேரத்துக்கு முன்பு எண்ணெயும் காரமும் குறைந்த, உங்களுக்குப் பழக்கமான உணவை அரை வயிறு சாப்பிடுங்கள். முந்தைய இரவு மது வேண்டாம். உள்காதுக் குழாய்களில் உள்ள உணரிப் படலத்தின் அடர்த்தியையே மது மாற்றுகிறது. அந்த விளைவு போதை தெளிந்த பிறகும் சில மணி நேரம் தொடரும்.

அப்புறம் மருந்து. இதில் எல்லாமே நேரத்தில்தான் இருக்கிறது. குமட்டல் தொடங்கியதும் இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிவிடும். மாத்திரை குடலுக்குப் போய்ச் சேராமல் இரைப்பையிலேயே கிடக்கும், பிறகு வாந்தியோடு வெளியே வரும். அத்தைக்கு நடந்தது அதுதான்: "வந்தால் போட்டுக்கொள்கிறேன்" என்று கைப்பையில் வைத்திருந்த மாத்திரையை 45-ஆவது நிமிடத்தில் விழுங்கினார், 10 நிமிடத்தில் அது வெளியே வந்துவிட்டது.

பெரியவர்களுக்கான வழக்கமான கணக்கு இது. சின்னாரிசின் என்றால் கிளம்ப 2 மணி நேரத்துக்கு முன்பு 30 மில்லிகிராம். பயணம் நீண்டால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 மில்லிகிராம். டைமென்ஹைட்ரினேட் அல்லது மெக்லிசின் என்றால் சுமார் 1 மணி நேரத்துக்கு முன்பு. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹையோசின் ஒட்டுப்பட்டை மெதுவாக வேலை செய்யும். அதைக் கிளம்ப 5, 6 மணி நேரத்துக்கு முன்பே, அல்லது முந்தைய இரவே ஒட்டிவிட வேண்டும். 3 நாள் வரை வேலை செய்யும் என்பதால் குறுகிய பயணத்துக்கு அது அதிகம் என்பது என் எண்ணம். ஒட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த விரலால் கண்ணைத் தொட்டால் கருவிழிப் பாவை விரிந்து பார்வை மங்கும்.

இவை எல்லாமே ஓரளவு தூக்கம் வரவைக்கும், வாயை உலர்த்தும். கண் அழுத்த நோய், சிறுநீர் இறங்குவதில் சிரமம், நடுக்குவாத நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே தூக்க மாத்திரை அல்லது மனநல மருந்து எடுப்பவர்கள் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு அளவே வேறு. இறங்கியதும் வண்டி ஓட்ட வேண்டியவரும் இதை முன்பே யோசிக்க வேண்டும். முடிந்தால் பயணத்துக்குச் சில நாள் முன்பு, வீட்டில் இருக்கும் ஒரு நாளில், ஒரு மாத்திரை போட்டு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: கொட்டாவி, காரணமில்லாத அசதி, பேசப் பிடிக்காமல் போவது

பலரும் தவறவிடும் படி இது. வயிற்றில் இன்னும் ஒன்றும் இருக்காது. அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லத் தொடங்குவார். சிலருக்கு நெற்றியில் லேசான கனம். முந்தைய இரவு தூக்கம் கெட்டதாலா, கடலாலா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு: வெளித்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்தபடி 10 நிமிடம் நில்லுங்கள். கடலால் வந்த அசதி அங்கே கொஞ்சமாவது விலகும். தூக்கக் கடன் விலகாது.

தொடுவானம் ஏன் உதவுகிறது என்றால், அது கப்பலோடு ஆடாத ஒரே கோடு. அதைப் பார்க்கும்போது "ஆம், ஆடுகிறோம்" என்று கண்ணும் ஒப்புக்கொள்கிறது; காதோடு இருந்த சண்டை குறைகிறது. ஆனால் பக்கத்தில் கொந்தளிக்கும் நுரையையோ கப்பலை ஒட்டி ஓடும் அலையையோ பார்த்தால் அந்தப் பலன் இல்லை. பார்வை தூரத்தில், அசையாமல் இருக்க வேண்டும்.

கைபேசியை உள்ளே வையுங்கள். அத்தை அந்த 35 நிமிடத்தில் முக்கால்வாசி நேரம் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தலை குனிந்திருக்கும், கண் ஓர் அடி தூரத்தில் ஆடாத திரையில் நிலைத்திருக்கும், உடல் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். கண்ணையும் காதையும் மோதவிட இதைவிடச் சரியான ஏற்பாடு கிடையாது. பையில் எதையோ தேடிக் குனிவது, பின்னால் இருப்பவரிடம் பேசத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இரண்டும் அதே வகைதான். தலை எவ்வளவு குறைவாக அசைகிறதோ அவ்வளவு நல்லது. இருக்கையின் தலைசாய்ப்பில் அழுத்திச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

வேறு இடத்துக்கு மாற வேண்டும் என்றால் இப்போதே மாறுங்கள். இன்னும் 20 நிமிடம் கழித்து எழுந்து நடக்கும் தெம்பு இருக்காது. கழிவறைக்குப் போக வேண்டும் என்றாலும் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

அறிகுறி: வாயில் எச்சில் ஊறுகிறது, ஏப்பம், முகம் வெளுத்துக் குளிர்ந்த வியர்வை

இரண்டாம் படி. வயிறு "இருக்கிறது" என்று தெரியத் தொடங்கும். வலி இல்லை, ஒரு கனம் மட்டும். எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பீர்கள். மேல் உதட்டிலும் நெற்றியிலும் வியர்வை துளிர்க்கும், ஆனால் தோல் சில்லென்று இருக்கும். உடன் வருபவர்கள் கவனிக்க வேண்டியது உதட்டின் நிறத்தை. நோயாளி "ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போதே அது வெளுத்திருக்கும்.

இப்போது நீங்கள் வெளித்தளத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்த காற்று முகத்தில் படட்டும். கழுத்துப் பொத்தானையும் இடுப்புப் பட்டையையும் தளர்த்துங்கள். நடுப்பகுதியில், காற்று நேராக மோதாத இடத்தில், புகைபோக்கிப் புகை வராத பக்கம் பார்த்து உட்காருங்கள்.

அடுத்து மூச்சு. மருந்து தரும் பலனில் ஏறக்குறையப் பாதியளவு இது தருவதாகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள், உடனே பலனும் தருகிறது. முறை எளிது: மூச்சை ஒரே சீராக, அவசரமில்லாமல் இழுத்து விடுங்கள், கவனம் முழுவதும் மூச்சின் சீரில் இருக்கட்டும். ஒருவர் செய்யும் வழக்கமான தவறு, கப்பல் எழும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது விடுவது. கப்பலின் தாளத்தோடு மூச்சு சேரக் கூடாது. 4 எண்ணி இழுத்து 4 எண்ணி விடுங்கள், கப்பல் தன் பாட்டுக்கு ஆடட்டும். ஆழமாக இழுக்கிறேன் என்று வேகமாக இழுத்தால் விரல் நுனி மரத்துத் தலை கிறுகிறுக்கும். அப்படி ஆனால் மெதுவாக்குங்கள்.

வெளியே போக முடியாத நாளும் உண்டு. மழை, பலத்த காற்று, அல்லது வெளித்தளத்தை மூடிவிட்டார்கள். அப்போது நடுப்பகுதியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுங்கள். தொடுவானம் கிடைக்காதபோது, அறையின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கண்ணை மூடுவது நல்லது. பொய் சொல்லும் சாட்சியை வெளியே அனுப்பியது போல. படுக்க இடமில்லை என்றால் சாய்ந்து, தலையை அசையாமல் வைத்துக் கண்ணை மூடினாலும் ஓரளவு கிடைக்கும். தூங்கிவிட முடிந்தால் இன்னும் நல்லது.

இஞ்சி பற்றிக் கேட்பார்கள். முடிவுகள் கலவையாக இருக்கின்றன. சிலருக்கு உதவுகிறது, தீங்கு குறைவு. பிடித்தால் சிறிது மெல்லலாம். மணிக்கட்டில் அழுத்தும் பட்டைகள் வெறும் பட்டையைவிட மேலானவை என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இவற்றை நம்பி மாத்திரையை விட்டுவிட வேண்டாம் என்பதே நான் சொல்ல விரும்புவது.

அறிகுறி: குமட்டல் அலை அலையாக வருகிறது, இனி தாங்காது போலிருக்கிறது

இந்தப் படிக்கு வந்தபின் முழுதாகத் திரும்புவது கடினம். வாந்தி எடுக்க ஓர் ஒழுங்கான ஏற்பாடு செய்துகொள்வதே இப்போது வேலை. பெரும்பாலான கப்பல்களில் ஊழியர்களிடம் வாந்திப் பைகள் இருக்கும். கேட்டு இரண்டு வாங்கி ஒன்றைத் திறந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவறையை நோக்கி ஓடாதீர்கள். சன்னல் இல்லாத சிறிய அறை, வாடை, குனிய வேண்டிய நிலை, ஆடும் தரை. குமட்டலுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. போகும் வழியில் படிக்கட்டில் விழுந்து அடிபடுகிறவர்களும் உண்டு. கைப்பிடிச் சுவரின் மேல் எக்கிக் கடலில் வாந்தி எடுக்கவே வேண்டாம். கப்பல் திடீரென்று சாயும், கண் இருட்டிக்கொண்டிருப்பவருக்குப் பிடி நழுவும். உட்கார்ந்த இடத்திலேயே பையில் எடுங்கள். வெளித்தளத்தில் இருந்தால் காற்று உங்களிடமிருந்து விலகிப் போகும் பக்கம் உட்காருங்கள், இல்லாவிட்டால் எல்லாம் உங்கள் மேலும் அடுத்தவர் மேலும் திரும்பி வரும்.

அறிகுறி: வாந்தி வந்துவிட்டது

எடுத்ததும் சற்று நேரம் பெரிய ஆறுதல் கிடைக்கும். சிலருக்கு 10 நிமிடம், சிலருக்கு அரை மணி. அந்த ஆறுதலை "சரியாகிவிட்டது" என்று நம்பி எழுந்து நடந்து, ஒரு குவளைத் தண்ணீரை மடமடவென்று குடிப்பதுதான் அடுத்த வாந்திக்கு வழி. வாயைக் கொப்பளியுங்கள். 10 நிமிடம் எதுவும் வேண்டாம். பிறகு ஒரு வாய், 5 நிமிடம் கழித்து இன்னொரு வாய். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரேற்றக் கரைசல் இருந்தால் வெறும் தண்ணீரைவிட நல்லது. இந்த ஆறுதல் நேரத்தைப் படுப்பதற்கோ, நல்ல இடத்துக்கு மாறுவதற்கோ பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

3 மணி நேரப் பயணத்தில் சில முறை வாந்தி எடுத்தால் வளர்ந்த, நலமான ஒருவருக்கு ஆபத்து இல்லை. கவலைப்பட வேண்டியது வேறு சில நிலைகளில்: ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்காமல் பல மணி நேரம் போவது, சிறுநீர் வராமலோ கரும்மஞ்சளாகவோ போவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது. சிறு குழந்தைகள், முதியவர்கள், நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள் இவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டாம். முன்னதாகவே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.

சில அறிகுறிகள் கடல் குமட்டலைச் சேர்ந்தவையே அல்ல. நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் பலமிழப்பு, பேச்சுக் குழறல், இதுவரை வந்திராத கடுமையான திடீர்த் தலைவலி, ஒரு காது கேட்காமல் போவது, வாந்தியில் ரத்தம். அறையே சுழல்வது போன்ற கடும் தலைசுற்றலும் கடல் குமட்டலுக்கு வழக்கமானது இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் "கடல்தான்" என்று விட்டுவிடாமல் உடனே ஊழியரை அழையுங்கள். கடலால் வந்ததற்கு ஓர் அடையாளம்: கப்பல் அமைதியான நீருக்குள் வந்ததும் அது இறங்கத் தொடங்கும்.

மாத்திரை போட்டும் பலன் இல்லை

முதலில் எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். ஏறிய பிறகு என்றால் காரணம் அதுவேதான். அடுத்து எந்த மாத்திரை என்று பாருங்கள். தும்மலுக்கும் அரிப்புக்கும் தரும் தூக்கம் வராத புதிய வகை மாத்திரைகள், உதாரணமாக செட்ரிசினும் ஃபெக்ஸோஃபெனாடினும், இங்கே உதவுவதில்லை. மூளைக்குள் போதுமான அளவு நுழையாததால்தான் அவை தூக்கம் தருவதில்லை, அதே காரணத்தால் இந்தக் குமட்டலையும் தொடுவதில்லை. ஒண்டான்செட்ரான் வேறு பல வாந்திகளுக்கு நல்ல மருந்து, ஆனால் அசைவால் வரும் குமட்டலில் அதன் பலன் மிகக் குறைவு. வீட்டில் "வாந்தி மாத்திரை" என்று இருப்பதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரியான மருந்தைச் சரியான நேரத்தில் போட்டும் வந்தால், ஆட்டம் மருந்தின் திறனைத் தாண்டிவிட்டது என்று பொருள். இன்னொரு மாத்திரையைச் சேர்த்துப் போடாதீர்கள். தூக்கக் கலக்கமும் பார்வை மங்கலும்தான் கூடும். இடத்தையும் கண்ணையும் தலையையும் மாற்றுவதில்தான் இனி பலன் இருக்கிறது.

"போகப்போகப் பழகிவிடும்" என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கடலில் 2, 3 நாள் தொடர்ந்து இருந்தால்தான் பழகும். சில மணி நேரப் பயணத்தில் அதற்கு இடமே இல்லை. சிலருக்கு எத்தனை நாளானாலும் முழுதாகப் பழகாது. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின் கடைசிவரை அவதிப்பட்டார்.

குழந்தைக்கு வந்தால்

2 வயதுக்குக் கீழே அரிது. பள்ளி வயதில், ஏறக்குறைய 6 முதல் 12 வரை, உச்சம். குழந்தை குமட்டுகிறது என்று சொல்லத் தெரியாமல் சிணுங்கும், மடியில் படுக்கும், திடீரென்று விளையாட்டை விடும். கணினிப் பலகையைக் கையில் கொடுத்து அமைதிப்படுத்துவதுதான் நாம் முதலில் செய்வது. அதுவே மிக மோசமானது. சன்னல் வழியாகத் தூரத்தைக் காட்டிப் பேசுங்கள், இல்லையென்றால் மல்லாந்து படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள்.

இறங்கிவிட்டேன், ஆனால் தரை ஆடுகிறது

மூளை கப்பலின் ஆட்டத்துக்குத் தன்னைத் திருத்தத் தொடங்கியிருந்தது. அந்தத் திருத்தம் உடனே அழிவதில்லை. குளிக்கும்போது கண்ணை மூடினாலும், படுக்கையில் படுத்தாலும் அதிகமாகத் தெரியும். சில மணி நேரம், அதிகம் போனால் 2 நாளில் போய்விடும். நடப்பது நல்லது. மாதக்கணக்கில் ஆட்டம் நீடிக்கும் அரிய நிலை ஒன்றும் உண்டு. ஒரு மாதம் தாண்டினால் காது அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

அத்தை 4 நாள் கழித்து அதே வழியில் திரும்ப வேண்டியிருந்தது. வர மாட்டேன் என்றார். வேறு வழி இல்லை. கடலும் போனபோது இருந்த அளவே இருந்தது. எழும்பி இறங்குவதை எண்ணிப் பார்த்தேன், ஏறக்குறைய 6 நொடி வந்தது. இம்முறை முந்தைய இரவு சீக்கிரம் படுத்தார். கிளம்ப 2 மணி நேரத்துக்கு முன்பு அரை வயிறு சாப்பிட்டு, மருந்தாளுநரிடம் கேட்டு வாங்கிய சின்னாரிசினைப் போட்டார். தாழ்ந்த பயணிகள் தளத்தில் நடுவிலிருந்து நான்கு வரிசை பின்னால், சன்னலோரம் உட்கார்ந்தோம். அவர் கைபேசியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

30-ஆவது நிமிடத்தில் கொட்டாவி வந்தது. அது மாத்திரையின் தூக்கமாகவும் இருக்கலாம், ஆனாலும் நாங்கள் காத்திருக்கவில்லை. வெளியே போய்த் தொடுவானத்தைப் பார்த்து நின்றோம். பயணம் பாதியில், திறந்த கடலில், எச்சில் ஊறத் தொடங்கியது. உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்து, 4 எண்ணி இழுத்து 4 எண்ணி விட்டார். ஒரு 10 நிமிடம் அவர் முகம் நன்றாக வெளுத்திருந்தது. பையைத் திறந்து கையில் வைத்திருந்தேன். அது வேண்டியிருக்கவில்லை. கரை தெரிந்ததும், மடியில் வைத்திருந்த அந்தப் பையை மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் ரசம் சாதம் போதும்" என்றார்.